கடன் விதியில் ஒளிந்திருக்கும் ஆறு பிழைகள்

தனிநபர் கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கியின் கணினி சில நொடிகளில் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் பதில் பல நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்த்து வருவது. ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே சரியாக இருந்தும், அவை சேரும் இடத்தில் பிழை நுழைந்துவிடும். அதைப் பிடிக்க மென்பொருள் சோதனையாளர்கள் பயன்படுத்தும் முறைதான் டெசிஷன் டேபிள், அதாவது முடிவு அட்டவணை.

ஒரு வங்கியின் விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சிபில் மதிப்பெண் 750க்குக் குறையாமலும், இஎம்ஐ சுமை சம்பளத்தில் பாதிக்கு மிகாமலும் இருந்தால் கடன் உண்டு. மதிப்பெண் குறைவாக இருந்தாலும், சம்பாதிக்கும் இணை விண்ணப்பதாரர் இருந்தால் கடன் உண்டு. இஎம்ஐ பாதியைத் தாண்டினாலும், சம்பளக் கணக்கு நம் வங்கியிலேயே இருந்தால் மேலாளர் முடிவு செய்வார். மற்ற விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. சோதனையாளர் இதை நான்கு கேள்விகளாகப் பிரிக்கிறார். மதிப்பெண் போதுமா? இஎம்ஐ வரம்புக்குள் இருக்கிறதா? இணை விண்ணப்பதாரர் உண்டா? சம்பளக் கணக்கு இங்கேயா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு பதில். எனவே மொத்தம் 16 விதமான விண்ணப்பதாரர்கள்.

ஒவ்வொருவருக்கும் என்ன பதில் என்று எழுதத் தொடங்கியதுமே விதியின் ஓட்டை தெரிகிறது. மதிப்பெண்ணும் குறைவு, இஎம்ஐயும் அதிகம், ஆனால் இணை விண்ணப்பதாரரும் சம்பளக் கணக்கும் உண்டு. இவருக்கு விதியின் இரண்டாம் வாக்கியம் கடன் தருகிறது. மூன்றாம் வாக்கியம் மேலாளரிடம் அனுப்புகிறது. சோதனையாளர் இதைத் தானாக ஊகிக்கக் கூடாது. கடன் பிரிவைத்தான் கேட்க வேண்டும். "இரண்டும் மோசமென்றால் யாராக இருந்தாலும் நிராகரிப்பு" என்று அவர்கள் சொன்னதாகக் கொள்வோம். நிரல் எழுதுவதற்கு முன்பே ஒரு தகராறு தீர்ந்தது.

இனி 16 நிலைகளையும் சுருக்கலாம். முடிவை மாற்றாத கேள்விக்குக் கோடு போட்டால் ஆறு வரிசைகள் போதும்.

| | மதிப்பெண் | இஎம்ஐ | இணை | கணக்கு | முடிவு |
|---|---|---|---|---|---|
| 1 | ஆம் | ஆம் | – | – | கடன் |
| 2 | இல்லை | ஆம் | ஆம் | – | கடன் |
| 3 | இல்லை | ஆம் | இல்லை | – | நிராகரிப்பு |
| 4 | ஆம் | இல்லை | – | ஆம் | மேலாளர் |
| 5 | ஆம் | இல்லை | – | இல்லை | நிராகரிப்பு |
| 6 | இல்லை | இல்லை | – | – | நிராகரிப்பு |

வரிசைக்கு எத்தனை நிலைகள் அடங்குகின்றன என்று கூட்டிப் பார்க்க வேண்டும். 4, 2, 2, 2, 2, 4, மொத்தம் 16. கூட்டுத்தொகை குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது. கூடினால் ஏதோ இருமுறை வந்திருக்கிறது.

இப்போது நிரலாளர் விதியை வாக்கிய வரிசைப்படியே எழுதுகிறார். மதிப்பெண்ணும் இஎம்ஐயும் சரியா? கடன். இல்லாவிட்டால், இணை விண்ணப்பதாரர் உண்டா? கடன். அவரும் இல்லாவிட்டால், சம்பளக் கணக்கு உண்டா? மேலாளர். எதுவும் இல்லையா? நிராகரிப்பு.

சோதனையாளர் வரிசைக்கு ஒன்றாக ஆறு விண்ணப்பங்களைப் போடுகிறார். கோடு இருக்கும் இடத்தில் எல்லாம் 'இல்லை' என்று நிரப்புகிறார். ஆறும் சரியான பதிலையே தருகின்றன. ஆனால் அந்த நிரல் 16 நிலைகளில் ஆறில் தவறாக நடக்கிறது.

ஐந்தாம் வரிசையைப் பாருங்கள். நல்ல மதிப்பெண், சுமக்க முடியாத இஎம்ஐ, சம்பளக் கணக்கு வேறு வங்கியில். இவரை நிராகரிக்க வேண்டும். இணை விண்ணப்பதாரர் இல்லாதபோது நிரலும் நிராகரிக்கிறது. இருந்தால் உடனே கடன் கொடுத்துவிடுகிறது. மதிப்பெண் குறைந்தவருக்கு மட்டும் இருந்த சலுகை, முதல் கேள்வியில் தோற்ற எல்லோருக்கும் போய்விட்டது. நான்காம், ஆறாம் வரிசைகளிலும் இதே கதைதான். மூன்றாம் வரிசையிலோ நிராகரிக்க வேண்டியவர், சம்பளக் கணக்கு இருப்பதால் மேலாளரிடம் போகிறார்.

அட்டவணையில் கோடு போடுவது, "இது முடிவை மாற்றாது" என்று விதியைப் பற்றிச் சொல்வது. நிரலும் அப்படித்தான் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. எனவே கோடு உள்ள இடத்தை ஆம், இல்லை என இரண்டு விதமாகவும் சோதிக்க வேண்டும். நான்கு கேள்விகள் என்றால் 16 நிலைகளையும் ஓட்டிவிடுவதே எளிது. பத்துக் கேள்விகளாகிவிட்டால் நிலைகள் 1,024 ஆகும். அப்போது விதியைச் சிறு அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றின் முடிவை அடுத்ததற்குக் கேள்வியாகத் தருவார்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. 'ஆம்' என்பதற்கு 820 மதிப்பெண்ணும், 'இல்லை' என்பதற்கு 600ம் கொடுத்தால் அட்டவணை நிறைந்துவிடும். ஆனால் நிரலாளர் '750க்கு மேல்' என்று எழுதி, சரியாக 750 வாங்கியவரை வெளியே தள்ளியிருந்தால் அது தெரியாது. அதற்கு 749, 750 இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். 40,000 ரூபாய் சம்பளத்துக்கு 20,000 ரூபாய் இஎம்ஐ, 20,001 ரூபாய் இஎம்ஐ என்றும் பார்க்க வேண்டும். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. இதுவரை கடனே வாங்காதவருக்கோ மதிப்பெண்ணே இருக்காது. அவரும் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் விழுவார். மதிப்பெண் குறைந்தவரையும் மதிப்பெண்ணே இல்லாதவரையும் வங்கி ஒன்றாக நடத்த விரும்பாவிட்டால், முதல் கேள்விக்கு மூன்று பதில்கள் வேண்டும். 16 நிலைகள் 24 ஆகும்.