ஆறில் ஐந்து: கூட்டல் சரியாக வந்தும் வினாத்தாள் பிழையாகலாம்

தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் வீட்டுக்கு வந்தால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து வீடுகளில் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை புள்ளி மகள்?" என்பதுதான். அந்தப் புள்ளி உண்மையிலேயே நூறுக்குத்தானா என்று யாரும் கேட்பதில்லை. வினாக்களைத் தெரிவுசெய்து எழுதும் தாள்களில் ஒரு பிள்ளைக்கு நூறாக இருப்பது இன்னொரு பிள்ளைக்குத் தொண்ணூற்றொன்பதாக இருக்கலாம். பிழை வினாத்தாளில்தான் இருக்கும், ஆனால் புள்ளி குறைவது பிள்ளைக்கு.

க.பொ.த. சாதாரண தரக் கணித பாடத்தின் இரண்டாம் வினாத்தாளைப் பாருங்கள். ஏ பகுதியில் 6 வினாக்கள், பீ பகுதியில் 6 வினாக்கள். ஒவ்வொரு பகுதியிலும் 5 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும், ஒரு வினாவுக்கு 10 புள்ளி. தாளில் அச்சாகியிருக்கும் வினாக்களின் பெறுமதி 120, ஒரு பிள்ளை எழுதிப் பெறக்கூடியது 100. தரம் 11 தவணைப் பரீட்சைத் தாள்களும் மாதிரித் தாள்களும் இதே அமைப்பில்தான் தயாராகின்றன. ஆகவே தாளின் திட்ட அட்டவணையைச் சரிபார்க்கும் ஆசிரியர் முதலில் இரண்டு கூட்டல்களையும் பிரித்து எழுத வேண்டும்: அச்சான புள்ளி ஒரு நிரலில், எழுதக்கூடிய புள்ளி அடுத்த நிரலில். தாளின் தலைப்பில் போகும் மொத்தம் இரண்டாவது நிரலுடையது.

கூட்டல் மறைக்கும் பிழை

இனி ஓர் உதாரணத் தாள். ஏ பகுதியின் புள்ளித் திட்டத்தில் மூன்றாம் வினாவின் உபபகுதிகளுக்கு 2, 3, 2, 2 என்று புள்ளி போட்டிருக்கிறார்கள். கூட்டினால் 9. ஐந்தாம் வினாவுக்கு 3, 4, 4. கூட்டினால் 11. மற்ற நான்கு வினாக்களும் சரியாக 10. சரிபார்ப்பவர் ஆறு வினாக்களையும் ஒன்றாகக் கூட்டுகிறார்: 60. எதிர்பார்த்த தொகை வந்துவிட்டதால் தாள் அச்சுக்குப் போகிறது.

பிள்ளை ஆறையும் எழுதுவதில்லை, ஒன்றை விடுகிறது. 10 புள்ளி வினா ஒன்றை விட்ட பிள்ளைக்கு அந்தப் பகுதி 50க்கு. மூன்றாம் வினாவை விட்ட பிள்ளைக்கு 51க்கு. ஐந்தாம் வினாவை விட்ட பிள்ளை எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்தாலும் 49க்கு மேல் போக முடியாது. மூவரின் தாளிலும் ஒரே மொத்தம்தான் எழுதியிருக்கும். ஒரு வினாவில் கூடியது இன்னொன்றில் குறைந்ததை மூடிவிட்டதால், கூட்டல் சரியாக வந்ததே பிழையை மறைத்துவிட்டது.

தெரிவு உள்ள பகுதியில் தொகை சரியாக வந்தால் மட்டும் போதாது. தெரிவுக்குள் வரும் ஒவ்வொரு வினாவும் தனித்தனியே சம பெறுமதியாக இருக்க வேண்டும். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு தடவைக்கு ஒரு வினாவை விரலால் மூடி, மிச்சம் ஐந்தையும் கூட்ட வேண்டும். ஆறு தடவையும் 50 வந்தால்தான் பகுதி சரி.

ஒரு வினாவுக்குள் "அல்லது" போட்டு இரண்டு பகுதிகள் தரும் பாடங்களில் அட்டவணையில் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ண வேண்டும். 15 புள்ளி வினாவின் இரண்டு பக்கங்களையும் எண்ணினால் மொத்தம் 15 கூடிக் காட்டும். அதைச் சரிக்கட்ட வேறு வினாவில் கை வைப்பவர்களும் உண்டு, அப்போது ஒரு பிழை இரண்டாகிவிடும். "அல்லது" என்பதன் இரண்டு பக்கமும் ஒரே புள்ளியாக, உபபகுதிகளும் தனித்தனியே கூட்டிச் சரியாக இருக்க வேண்டும்.

அறிவுறுத்தல் வாசகத்தையும் எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 5" என்பதற்குப் பதிலாக "எவையேனும் 10 வினாக்கள்" என்று அச்சாகிவிட்டால் மொத்தம் அப்போதும் 100தான். ஆனால் ஏ பகுதியில் 6, பீ பகுதியில் 4 எழுதிய பிள்ளையின் ஆறாவது விடையைத் திருத்துபவர் எண்ணாமல் விட்டால், தாள் சொன்னபடி செய்த பிள்ளைக்குப் 10 புள்ளி போய்விடும்.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது

கணிதத் தாளில் உபபகுதிப் புள்ளிகள் பொதுவாக வினாவோடு அச்சாகி வருவதில்லை, அவை புள்ளித் திட்டத்தில்தான் இருக்கும். அதனால் பரீட்சை மண்டபத்தில் பிள்ளைக்கு இது தெரியாது. திருத்திய விடைத்தாளில் தெரியும். ஒரு வினாவின் எல்லாப் பகுதிகளுக்கும் சரி போட்டிருந்தும் 9 என்று இருந்தால், அதே வினாவை முழுமையாகச் செய்த இன்னும் இரண்டு பிள்ளைகளின் தாளைப் பாருங்கள். அவர்களுக்கும் 9தான் என்றால் குறை திட்டத்தில் இருக்கிறது. ஒருவருக்கு 10 இருந்தால், உங்கள் தாளில் கூட்டலோ திருத்தமோ பிழைத்திருக்கிறது. இரண்டுக்கும் பரிகாரம் வேறு.

என்ன கேட்பது

"எல்லாருக்கும் ஒரு புள்ளி போட்டுவிடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். அது சரியாகுமா என்பது வினாவின் வகையைப் பொறுத்தது. 2024 செப்டம்பரில் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் 3 வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த 3 வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கும் வழியே கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அங்கே எல்லாரும் எழுத வேண்டிய வினாக்கள் அவை. தெரிவு வினாவில் அப்படிச் செய்தால், அந்த வினாவைத் தொடாத பிள்ளைக்கும் காரணமின்றி ஒரு புள்ளி கிடைக்கும், இடைவெளி அப்படியே இருக்கும்.

நமது உதாரணத்தில் நியாயமான திருத்தம் வினா மட்டத்தில் நடக்க வேண்டும். மூன்றாம் வினாவில் 9க்கு 7 எடுத்த பிள்ளைக்கு அதைப் 10க்கு மாற்றினால் ஏறக்குறைய 7.8. ஐந்தாம் வினாவில் 11க்கு 8 எடுத்தவருக்கு ஏறக்குறைய 7.3. மொத்தத்தை அதன் பிறகுதான் கூட்ட வேண்டும். 74க்கும் 75க்கும் இடையில்தான் பீ சித்தியும் ஏ சித்தியும் பிரிகின்றன என்பதால் இந்தத் தசமங்களை அலட்சியம் செய்ய முடியாது.

யாரிடம் போவது

முதலில் பாட ஆசிரியரிடம், விடைத்தாளோடும் வினாத்தாளோடும். "சேர், இந்த வினாவின் உபபகுதிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்போமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். வினா இலக்கம், உபபகுதிப் புள்ளிகள், வர வேண்டிய தொகை, வந்திருக்கும் தொகை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தாள் வலயத்திலோ மாகாணத்திலோ தயாரானது என்றால் பாடசாலையால் தனியே திட்டத்தை மாற்ற முடியாது, கடிதம் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போக வேண்டும்.

புள்ளித் திட்டத்தைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசாங்கப் பாடசாலையிடமோ வலய அலுவலகத்திடமோ அதன் பிரதியை எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் பரீட்சைகளில் இரகசியமாக வைக்க வேண்டிய தகவல்களுக்கு அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. சாதாரண தரப் பெறுபேற்றில் சந்தேகம் என்றால், திணைக்களம் அறிவிக்கும் காலத்துக்குள் மீளாய்வுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. தனியார் வகுப்பின் மாதிரித் தாளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே ஆசிரியரிடம் நேரே பேசத்தான் முடியும்.

அதுவரை, பிழையான புள்ளித் திட்டத்தில் திருத்திய எந்தத் தாளையும் வீட்டில் தொலைத்துவிடாதீர்கள். தாள் கையில் இல்லாவிட்டால் 9 என்பதை 10க்கு மாற்றிக் கேட்க எந்த ஆதாரமும் இருக்காது.