கட்டடக்கலைப் பயிற்சி: எந்த அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்பது அடி அகலமுள்ள ஓர் அறையில், ஒன்பது அடி அகலமுள்ள அலமாரி நுழையுமா? நுழையும் என்றுதான் தாளில் கணக்குப் போடுபவர் சொல்வார். வீடு கட்டும் இடத்தில் சில நாட்கள் நின்றவரோ, "எந்த ஒன்பது அடி? செங்கல்லுக்குச் செங்கல்லா, பூச்சுக்குப் பூச்சா?" என்று திருப்பிக் கேட்பார். கட்டடக்கலையிலும் உள்ளமைப்புக் கலையிலும் வேலை தேடும் மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. எந்த அலுவலகம் நல்ல அலுவலகம் என்று அறிவதற்கும் இதுவே உரைகல்லாகும்.

கட்டடக்கலைப் பட்டப்படிப்பு (பி.ஆர்க்) ஐந்து ஆண்டுகள். அதில் ஒரு பருவம் முழுவதும், அதாவது ஏறத்தாழ நான்கு மாதங்கள், பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் மாணவர் பயிற்சி பெற வேண்டும். பெரும்பாலோருக்கு முதல் வேலைக்கு வழி திறப்பது இந்தப் பயிற்சிதான். பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டியைச் சேர்ந்த ஒரு மாணவி மதுரைக் கல்லூரியொன்றில் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைச் சேர்த்துக்கொள்ள மூன்று அலுவலகங்கள் இசைந்துள்ளன. ஒன்று சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று பழனியில். எதைத் தேர்ந்தெடுப்பது?

தாளும் சுவரும்

முதலில் அலமாரிக் கணக்கை முடித்துவிடுவோம். ஒன்பது அடி என்பது 2743 மில்லிமீட்டர். செங்கற்சுவர் எழுந்ததும் அதன்மேல் சிமெண்டுப் பூச்சு ஏறுகிறது. உட்புறப் பூச்சின் கனம் பொதுவாக 12 மி.மீ.; நம் கொத்தனார் கணக்கில் ஏறத்தாழ நான்கு நூல். எதிரெதிராக இரண்டு சுவர்கள் இருப்பதால் 24 மி.மீ. குறைந்து, அறையின் உண்மையான அகலம் 2719 மி.மீ. ஆகிவிடும். வரைபடத்தை மட்டும் பார்த்து 2743 மி.மீ. அலமாரிக்குத் தொழிற்சாலையில் பலகை அறுக்கச் சொன்னால், வந்திறங்கும் அலமாரி அறைக்குள் அமராது. ஓரம் ஒட்டி முடிக்கப்பட்ட பலகையை ஆசாரி இழைத்துக் குறைக்கவும் இயலாது. பலகையும் கூலியும் வீண்.

இதோடு முடிவதில்லை. சுவர்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அறை 9 அடிக்கு 12 அடி என்றால், பிதாகரஸ் தேற்றப்படி அதன் மூலைவிட்டம் சரியாக 15 அடி. மேஸ்திரிகள் இதைக் 'குறுக்குப் பார்த்தல்' என்பார்கள். இரண்டு குறுக்குகளும் சமமாக இருந்தால் அறை சதுரித்துவிட்டது என்று பொருள். ஒரு குறுக்கு மற்றதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கிறது என்போம். அப்போது 12 அடிச் சுவரின் ஒரு முனை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 21 மி.மீ. விலகி நிற்கும். கண்ணுக்கு இது தெரியாது. தரையில் ஓடு பதிக்கும்போது, கடைசி வரிசை ஓடுகள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் வந்து இக்குற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் அலமாரி வரைவதற்கு முன் பூச்சு முடிந்த சுவரைத் தரைமட்டத்திலும், இடுப்பு உயரத்திலும், மேலேயும் மூன்று முறை அளக்கிறார்கள். அவற்றுள் மிகச் சிறிய அளவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தும் சிறிது குறைத்துப் பெட்டியைச் செய்வித்து, மிஞ்சிய இடைவெளியைப் பட்டியடித்து மூடுகிறார்கள். வகுப்பறையில் இதைச் சொல்லித் தரலாம். ஆனால் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்து நின்றவருக்கே இது மறக்காமலிருக்கும்.

பணியிட அனுபவத்தை எடைபோடுவது

"எங்களுக்கு இருபது சைட்கள் நடக்கின்றன" என்று ஓர் அலுவலகம் சொல்லலாம். எண்ணிக்கையைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. ஒரு சாதாரண வீடு அடித்தளம் முதல் வண்ணப்பூச்சு வரை முடிய எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். பயிற்சியோ நான்கே மாதம். எனவே ஒரே வீட்டை முழுவதும் பார்க்க இயலாது. இதற்கு ஒரே வழி, வெவ்வேறு கட்டங்களில் உள்ள வீடுகளைப் பார்ப்பதுதான். ஒன்று வானம் தோண்டும் நிலையில், ஒன்று கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்கும் நிலையில், ஒன்று தச்சு வேலை நடக்கும் நிலையில் என மூன்றே வீடுகள் இருந்தாலும், அந்த அலுவலகம் ஒரே நிலையிலுள்ள இருபது வீடுகளை உடைய அலுவலகத்தைவிட மேலானது.

இவற்றுள் கான்கிரீட் போடுவதற்கு முந்திய நாள் மிக முக்கியமானது. கம்பிகளுக்கு அடியில் கவர் பிளாக் எனப்படும் சிறு கட்டைகள் வைக்கப்பட்டிருக்கும். கூரைத் தளத்திற்கு இதன் உயரம் வழக்கமாக 20 மி.மீ. இந்தக் கட்டை இல்லாவிட்டால் கம்பி சென்ட்ரிங் தகட்டின்மேல் படிந்துவிடும். பின்னாளில் ஈரம் கம்பியை எட்டித் துருவேற்றும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் தளத்தின் அடிப்பகுதி பிளந்து உதிரும். அதே நாளில்தான் மின்கம்பிக் குழாய்களும் மின்விசிறிப் பெட்டிகளும் கம்பிகளுக்கிடையே வைக்கப்படுகின்றன. கட்டில் எங்கே, விளக்கு எங்கே என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உள்ளமைப்பு என்பது வீடு முடிந்தபின் தொடங்கும் வேலையன்று என்பதை அந்த ஒரு நாள் கற்பித்துவிடும்.

நேர்முகத்தின்போது மாணவி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். "வாரத்தில் எத்தனை நாள் பணியிடம் செல்வேன்? அங்கே நான் என்ன செய்வேன்?" 'வேடிக்கை பார்க்கலாம்' என்பது பதிலாகாது. 'அளவு சரிபார்த்துக் குறிப்பு எழுதி, மாற்றங்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும்' என்பது நல்ல பதில். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) பணியிடத்தையே அலுவலகமாகக் கொண்டவர். கொத்தனார்களோடு நின்று அங்கேயே வரைந்து, அங்கேயே திருத்தினார். அத்தகைய பழக்கத்தின் சாயலாவது அலுவலகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மென்பொருள்

"என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள்?" என்ற கேள்வியைவிட, "அந்த மென்பொருளிலிருந்து என்ன வெளியே போகிறது?" என்ற கேள்வி பயனுள்ளது. ஆட்டோகேடில் சுவர் என்பது இரண்டு கோடுகள். அந்தக் கோடு செங்கல்லா பூச்சா என்பது வரைபவர் மனத்தில் மட்டுமே இருக்கும். ரெவிட்டில் சுவரைச் செங்கல், பூச்சு என அடுக்குகளாக அமைக்கலாம். பூச்சின் முகத்திலிருந்து அளவு காட்டும்படியும் செய்யலாம். நம் 24 மி.மீ. பிழையை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆயினும் கோணல் சுவரை எந்த மென்பொருளும் தானாக அறியாது. அதற்கு நாடாதான் வேண்டும்.

ஸ்கெச்சப் போன்றவற்றில் அழகிய முப்பரிமாணப் படங்கள் ஆக்கலாம். வீட்டுக்காரருக்குக் காட்ட அவை தேவைதான். ஆனால் நான்கு மாதமும் படத்துக்கு வெளிச்சம் போடுவதே வேலையாக இருந்தால், மாணவி கற்பது கட்டடக்கலையாகாது. மேஸ்திரி கையில் போய்ச் சேரும் வரைபடங்களில் எத்தனையை அவள் வரைவாள், யார் திருத்துவார், திருத்திய பிரதிக்கு எண்ணும் தேதியும் இடுகிறார்களா என்று கேட்டறிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோகேட், ரெவிட் உரிமம் கல்விக்கு மட்டுமே உரியது. அதைக் கொண்டு, சொந்தக் கணினியில் அலுவலகத்தின் கூலி வேலையைச் செய்யச் சொன்னால், அந்த அலுவலகம் முறையாக நடக்கவில்லை என்று கொள்ளலாம்.

உதவித்தொகை

இனி மூன்று அலுவலகங்களையும் கணக்கில் வைப்போம். இத்தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவையே. சென்னை அலுவலகம் மாதம் 8000 ரூபாய் தருகிறது. ஆனால் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை. மாதம் 26 நாளென்றால் 312 மணி. மணிக்கு 25 ரூபாய் 64 காசு. கோயம்புத்தூர் அலுவலகம் 6000 ரூபாய் தருகிறது. எட்டு மணி நேரம்தான் வேலை. 208 மணிக்கு வகுத்தால் மணிக்கு 28 ரூபாய் 85 காசு. பெரிய தொகை சிறியதாகவும், சிறிய தொகை பெரியதாகவும் மாறிவிட்டதன்றோ?

அடுத்துச் செலவு. சென்னையில் விடுதிக்கும் உணவுக்கும் 9500 ரூபாய் என்றால் மாதம் 1500 ரூபாய் கைவிட்டுப் போகும். கோயம்புத்தூரில் 7500 ரூபாய் என்றால் அங்கும் அதே 1500. பழனி அலுவலகம் 4000 ரூபாய்தான் தருகிறது. ஆனால் மாணவி வீட்டிலிருந்தே போய்வரலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மதிய உணவும் சில்லறையும் போக ஏறத்தாழ 3000 ரூபாய் மிஞ்சும். பணியிடத்துக்குப் போய்வரும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்காக மாணவரிடமே பணம் கேட்கும் இடத்தை விட்டு விலகிவிடலாம்.

பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யலாமா?

கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரே அப்பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இச்சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, தொழிலை அன்று என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உள்ளமைப்பாளருக்கோ இத்தகைய சட்டமே இல்லை. எனவே அழகிய பலகை மாட்டிய அலுவலகத்தில் பதிவு பெற்றவர் ஒருவருமே இல்லாமலிருக்கலாம். அங்கே உழைத்த பருவத்தைக் கல்லூரி ஏற்காது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

நம் மாணவி எங்கே போகலாம்? பழனி அலுவலகத் தலைவர் பதிவு பெற்றவராகவும், மூன்று நிலைகளில் மூன்று வீடுகள் அவர் கையில் இருப்பதாகவும் அறிந்தால், பழனியே போதும். அங்கே ரெவிட் இல்லாமல் ஆட்டோகேட் மட்டும் இருந்தாலும் குறையில்லை. மென்பொருளைப் பின்னர் ஓரிரு மாதத்தில் வீட்டிலேயே பழகலாம். கான்கிரீட் போடும் நாளை வீட்டில் பழக முடியாது. அங்கே நடப்பவை எல்லாம் வண்ணப்பூச்சு வேலைகளே என்றால், மாதம் 1500 ரூபாய் கைவிட்டுப் போனாலும் கோயம்புத்தூரே நல்லது.

விண்ணப்பத்தைப் பருவம் தொடங்க மூன்று மாதம் முன்பே அனுப்ப வேண்டும். தன் வரைபடத் தொகுப்பில் கணினிப் படங்களோடு, உள்ளூர்க் கட்டடம் ஒன்றைத் தானே அளந்து வரைந்த படத்தையும் அவள் சேர்க்கட்டும். கரும்பாலைக் கொட்டகை ஒன்றே போதும். கொப்பரையின் ஆவி வெளியேற அதன் கூரை எவ்வளவு உயர்ந்திருக்கிறது, தூண்கள் எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன, குறுக்குகள் சமமா என்று நாடா பிடித்து அளந்து எழுதிய ஒரு தாள், அவள் எதைக் கவனிக்கத் தெரிந்தவள் என்பதை அலுவலகத்தாருக்கு உடனே சொல்லிவிடும்.