விடுதலைக்கு விலை கொடுத்தவர் யார்?

அடிமை வணிகம் எப்போது ஒழிந்தது என வினவினால், 1807 என்பர் சிலர். 1833 என்பர் வேறு சிலர். இரண்டும் பிரித்தானியச் சட்டங்களின் ஆண்டுகளே. முன்னது ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி விற்கும் வணிகத்தைத் தடுத்தது. முன்னரே விற்கப்பட்டோர் அதன் பின்னரும் அடிமைகளாகவே இருந்தனர். பின்னதே பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பெரும்பாலானவற்றில் அடிமை முறையை நீக்கியது. ஆயினும், அவ்விடுதலைக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடல்வழியே கப்பலேற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணக்கு. அவருள் சுமார் 18 இலட்சம் பேர் கரை காணாமல் கடலிலேயே மடிந்தனர். எஞ்சியோர் கரும்பு, காப்பி, பருத்தித் தோட்டங்களில் ஊதியமின்றி உழைத்தனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் மனிதரல்லர், உடைமைகள். இக்கருத்தே பின்வரும் அனைத்திற்கும் வேராகும். உடைமையைப் பறித்தால் உடையவருக்கு ஈடு தரவேண்டும் அன்றோ?

பிரித்தானியா அவ்வாறே செய்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமை உரிமையாளர்க்கு 2 கோடி பவுன் இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு அது. அதற்காகப் பெற்ற கடனின் எச்சம் 2015இல்தான் முற்றிலும் தீர்ந்தது. விடுதலை பெற்றவர்க்கோ ஒரு காசும் இல்லை. வயல்களில் உழைத்தோர் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்னும் பெயரில் 1838 வரை பழைய எசமானருக்கே ஊதியமின்றி வேலை செய்ய நேர்ந்தது.

இதனினும் கொடியது ஹெய்தியின் வரலாறு. இழப்பீட்டை இங்கு அடிமைப்பட்டோரே கட்டினர். சான் தொமிங்கு என அந்நாள் வழங்கிய இக்கரீபியப் பகுதி, பிரான்சின் செல்வக் களஞ்சியமாகத் திகழ்ந்தது. 1791இல் அங்குள்ள அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அடிமை முறையை மீண்டும் நிறுவ முனைந்த நெப்போலியனின் படையையும் வென்று, 1804இல் விடுதலை நாட்டை நிறுவினர்.

இருபத்தோராண்டு கழிந்தது. 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லசின் ஆணையைத் தாங்கிப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. நிலமும் அடிமைகளும் இழந்த தோட்ட முதலாளிகளுக்கு ஈடாக 15 கோடி பிராங்கு ஐந்து தவணைகளில் தரவேண்டும்; பிரெஞ்சு வணிகத்திற்குச் சுங்கம் பாதியாதல் வேண்டும்; அப்போதே விடுதலை ஏற்கப்படும் என்றது அவ்வாணை. குடியரசுத் தலைவர் புவாயே இசைந்தார்.

முதல் தவணை 3 கோடி பிராங்கு. நாட்டின் ஆண்டு வருவாயோ அதனினும் மிகக் குறைவு. எனவே பாரிசு வங்கியாளரிடமே 3 கோடிக்குக் கடன் பத்திரம் எழுதப்பட்டது. ஆனால் கழிவு போகக் கைக்கு வந்தது 2.4 கோடியே! ஆயினும் வட்டியும் முதலும் முழு 3 கோடிக்கும் கட்ட வேண்டியிருந்தது. இழப்பீடு ஒன்று, அதைக் கட்ட வாங்கிய கடன் மற்றொன்று. இவற்றை ‘இரட்டைக் கடன்’ என்பர் வரலாற்றாசிரியர். 1838இல் எஞ்சிய 12 கோடி 6 கோடியாகக் குறைக்கப்பட்டது எனினும், சுமை நீங்கவில்லை.

இப்பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி காப்பி ஏற்றுமதி மீதான வரியிலிருந்தே. காப்பி பயிரிட்ட சிறு குடியானவர் முன்னாள் அடிமைகள் அல்லது அவர்தம் மக்கள். தம்மையும் தம் பெற்றோரையும் உடைமையாக வைத்திருந்தவர்க்கு அவர்களே ஈடு செலுத்தினர். சாலைக்கும் பள்ளிக்கும் செல்லவேண்டிய வரிப்பணம் கடல் கடந்தது. பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடன் வாங்கும் நிலையும் தொடர்ந்தது. இழப்பீட்டோடு தொடர்புடைய கடன்கள் 1947வாக்கில்தான் தீர்ந்தன.

ஹெய்தியின் வறுமைக்கு இஃதொன்றே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. உள்நாட்டு ஆட்சியாளரின் ஊழல், 1915 முதல் 1934 வரை நீடித்த அமெரிக்கப் படையாட்சி, காடழிவு ஆகியனவும் உள்ளன. ஆயினும் முதலீடு மிகத் தேவைப்பட்ட தொடக்கக் காலத்திலேயே முதல் பறிபோயிற்று என்பதை மறுத்தற்கில்லை. 2003இல் குடியரசுத் தலைவர் அரிஸ்டீடு அப்பணத்தைத் திருப்பித் தருமாறு கோரினார். 2025இல் இவ்வரலாற்றை ஆராய இருநாட்டு அறிஞர் குழு அமைக்கப்படும் என்று பிரான்சு அறிவித்தது.

அடிமை முறை ஒழிந்த ஆண்டுகளைச் சட்டங்கள் காட்டும். அதன் பொருளியல் விளைவு ஒழிந்ததா என்பதைக் கணக்கேடுகளே காட்டும். விலை பெற்றவர் உரிமையாளர். விலை கொடுத்தவர் விடுதலை பெற்றவர். இதுவே அக்கணக்கேடுகள் நமக்கு உரைக்கும் விடையாகும்.