மாத விற்பனையும் தீபாவளியும்

டெல்லியில் உள்ள ஒரு துணிக்கடையின் மாத விற்பனையைக் கோடாக வரைந்தால், அது ஏறியும் இறங்கியும் செல்லும். புள்ளியியலார் அதனை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வரைவர்.

முதற் பகுதி நெடுங்காலப் போக்கு. ஒவ்வொரு மாதத்தையும் நடுவில் வைத்து, அதைச் சூழ்ந்த ஓராண்டு விற்பனையின் சராசரியைக் கண்டால் இது கிடைக்கும். விற்பனையிலிருந்து போக்கைக் கழித்து, எல்லா ஆண்டுகளின் ஜனவரி மாதங்களுக்கும் சராசரி கண்டால், அது ஜனவரியின் பருவ அளவு. மற்ற மாதங்களுக்கும் இவ்வாறே. இவ்விரண்டும் நீங்கியபின் மிஞ்சுவது எச்சம். அதில் எவ்வித ஒழுங்கும் காணப்படலாகாது.

ஆனால் தீபாவளி 2022-ல் அக்டோபர் 24 அன்றும், 2023-ல் நவம்பர் 12 அன்றும் வந்தது. போக்கு 100 ஆயிரம் ரூபாய் எனவும், இவ்விரு மாதங்களுள் பண்டிகை மாதத்தில் 150, மற்றதில் 110 ஆயிரம் விற்கிறது எனவும் கொள்வோம். பல்லாண்டுகளில் பண்டிகை இரு மாதங்களிலும் சமமாக அமைந்தால், இரண்டின் பருவ அளவும் 30 ஆகும். அப்போது 2022-ன் எச்சம் அக்டோபரில் +20, நவம்பரில் −20; 2023-ல் இது தலைகீழாகும். இவ்வாறு எதிரெதிராக வரும் இரட்டை தற்செயலன்று. பண்டிகை இடம்பெயர்ந்ததன் அடையாளம்.

இதை உணராத வணிகர், அக்டோபரில் விற்பனை குறைந்தது கண்டு கொள்முதலைச் சுருக்கினால், தீபாவளி நெருங்கும் வேளையில் சரக்கின்றித் தவிப்பார். ஆகவே, பண்டிகைக்கு முந்திய நாட்களில் எத்தனை எம்மாதத்தில் அமைந்தன என்று கணக்கிட்டு, அவற்றின் விளைவை முதலில் நீக்கிய பின்னரே விற்பனையைப் பிரித்தல் வேண்டும்.