மேசையில் துப்பிய தலைவன்

பாலைவனக் கூட்டத்தின் தலைவன் ஒருவன், அந்த நாட்டை ஆள வந்த புதிய பிரபுவைச் சந்திக்கிறான். பேச்சின் நடுவே குனிந்து பிரபுவின் மேசைமேல் துப்புகிறான். கூடியிருந்தவர்கள் கொதித்து எழுகிறார்கள். அந்த மக்களோடு முன்பே பழகிய வீரன் ஒருவன் மட்டும் அவர்களை அடக்கி, உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி சொல்லி, பதிலுக்குத் தானும் துப்புகிறான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘ட்யூன்’ நாவலில் வரும் காட்சி இது. வேரிலிருந்து ஒரு புதிய உலகைக் கட்டியெழுப்பும் கலைக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அர்ராக்கிஸ் என்ற அந்தக் கிரகத்தில் மழையே கிடையாது என்று இரண்டு பக்கம் வர்ணித்தாலும் வாசகர் அதை ஒரு தகவலாகத்தான் வாங்கிக்கொள்வார். எச்சில் மரியாதையாகும்போதோ, அங்கே ஒரு சொட்டுக்கு என்ன விலை என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

அந்தக் கணக்கை ஹெர்பர்ட் கடைசிவரை கொண்டுபோகிறார். பால் என்ற இளைஞன் ஜாமிஸ் என்பவனை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் கொல்கிறான். ஃப்ரெமன் என்ற அந்தப் பாலை மக்களின் வழக்கப்படி, இறந்தவனின் சதை அவனுடையது, நீர் கூட்டத்துடையது, அது பிரித்தெடுக்கப்படும். சண்டையில் கொன்றவனுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே ஜாமிஸின் நீர், 33 லிட்டருக்குச் சற்றே கூடுதலாக, பாலுக்குச் சேர்கிறது. நீரையே அவன் கையில் கொடுப்பதில்லை. அது பொதுத்தேக்கத்துக்குப் போய்விட, அளவுக்குரிய உலோக வளையங்களை அவனிடம் எண்ணித் தருகிறார்கள். ஈமச்சடங்கில் அவன் கண் கலங்கியதும் சுற்றியிருப்பவர்கள் வியந்துபோய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். செத்தவனுக்காக ஒருவன் நீரைச் செலவழிக்கிறானே! சடங்கு, நாணயம், துக்கம் மூன்றும் ஒரே பஞ்சத்திலிருந்து முளைத்துவிட்டன. கதையும் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

எல்லா வழக்கமும் ஒரே பற்றாக்குறையிலிருந்து பிறந்தால் அந்த மக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களாகிவிடமாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல கற்பனை உலகங்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அதே கிரகத்தின் தலைநகரில் நடக்கும் விருந்தில் இதற்கு விடை இருக்கிறது. அங்கே விருந்தினர் வாசல் தொட்டியில் கை நனைத்து, நீரை வேண்டுமென்றே தரையில் சிந்தி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டையும் ஈரத்தில் எறிந்துவிட்டு உள்ளே போவது வழக்கம். விருந்து முடிந்ததும் அந்தத் துண்டுகளைப் பிழிந்த நீருக்காகப் பிச்சைக்காரர்கள் வெளியே காத்து நிற்பார்கள். பாலைவனத்தில் நீரைச் சேமிப்பது கௌரவம். மாளிகையில் சிந்துவது கௌரவம். புதிய பிரபு இந்த வழக்கத்தை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை நீர் கொடுக்கச் சொல்கிறான். அந்த ஊரின் வர்க்கம், வியாபாரம், அரசியல் எல்லாம் ஓர் ஈரத்துண்டில் அடங்கிவிடுகின்றன. பற்றாக்குறை ஒன்றாக இருந்தாலும், அதன் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து மனிதர்கள் வேறுபட்டுவிடுகிறார்கள்.

நம்பிக்கைகளுக்கெல்லாம் இப்படிக் காரணம் கண்டுபிடிக்க முடியுமா, நிஜ உலகில் காரணமே மறந்துபோன எத்தனையோ நம்பிக்கைகள் இல்லையா என்பது அடுத்த ஆட்சேபம். உண்டுதான். ஆனால் காரணம் மறந்துபோன நம்பிக்கையாலும் யாராவது பயன் அடைந்துகொண்டிருப்பார்கள். எழுத்தாளருக்கு வேண்டியது அந்த ஆள்தான். ஃப்ரெமன் மக்கள் எதிர்பார்த்திருக்கும் மீட்பரின் கதை தானாக முளைத்ததல்ல. என்றாவது தங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தி அங்கே தனியாக மாட்டிக்கொண்டால் அடைக்கலம் கிடைக்கட்டும் என்று, ஒரு துறவியர் சங்கம் நெடுங்காலம் முன்பே விதைத்துவிட்டுப் போனது அது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த பாலின் தாய் அதைத் தெரிந்தே பயன்படுத்துகிறாள். அதனால் உயிர் பிழைக்கிறாள். வாசகருக்கோ அந்தப் பக்தியின் ஆழமும் அதன் பின்னுள்ள சூதும் ஒருசேரத் தெரிகின்றன.

வணிகத்தை ஹெர்பர்ட் இதே நீரோடு முடிச்சுப் போட்டிருப்பதுதான் என்னை மிகவும் கவர்கிறது. பேரரசே விலைகொடுத்து வாங்கும் நறுமணப் பொருள் ஒன்று அந்தக் கிரகத்தில் மட்டுமே விளைகிறது. அதற்கு மூலம் ராட்சத மணற்புழுக்கள். அந்தப் புழுக்களுக்கு நீர் நஞ்சு. குட்டிப் புழு ஒன்றை நீரில் மூழ்கடித்து, அது சாகும்போது கக்கும் திரவத்தைப் பதப்படுத்திப் பகிர்ந்து குடிப்பதே ஃப்ரெமன் மக்களின் பெருவிழா. அவர்களது கனவோ பாலையைப் பசுமையாக்குவது. அது எல்லை மீறி நிறைவேறினால் புழு அழியும், வணிகம் அழியும், விழாவும் அழியும். இந்த முடிச்சு இல்லாத உலகங்களில்தான் விழா வெறும் தோரணமாகத் தொங்குகிறது: வாயில் நுழையாத பெயரில் பத்துப் பலகாரம், விளக்கு வரிசை, நடனம், அடுத்த அத்தியாயத்தில் யாருக்கும் அது நினைவில்லை. அப்படிப்பட்ட பக்கங்களை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கலாம். கதை சிறிதும் குலையாவிட்டால், அந்த விழாவுக்கு யார் செலவு செய்தார்கள், யார் கடன்பட்டார்கள், யாருக்கு அதில் இலை போடவில்லை என்பதை எழுதியவர் இன்னும் யோசிக்கவில்லை.