கூட்டக் குறிப்பிலிருந்து செய்தி மடல்

கூட்டத்தில் எழுதும் குறிப்பு, பேச்சு நடந்த வரிசையில் இருக்கும். மடலைப் படிப்பவருக்கு அந்த வரிசையால் பயனில்லை. பெரும்பாலும் அவர் கூட்டத்துக்கு வராதவர். இனி என்ன நடக்கப் போகிறது, தான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆகவே மடல் வேலை கணினியில் தொடங்குவதில்லை. குறிப்பைப் பிரித்து அடுக்குவதில் தொடங்குகிறது.

ஒரு மாடித்தோட்டக் குழுவின் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

- வரவேற்பு, சென்ற கூட்டக் குறிப்பு ஏற்பு
- தென்னைநார்க் கட்டி, மொத்தமாக வாங்கலாம்
- மாவுப்பூச்சி – வேப்பெண்ணெய் 5 மி.லி.
- சந்தா பாக்கி 6 பேர்
- தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசப்பட்டது
- விதைப் பரிமாற்றம், அடுத்த ஞாயிறு
- நன்றியுரை

முதல் வரியும் கடைசி வரியும் மடலுக்கு வேண்டாம். ஆறாவதாக இருக்கும் விதைப் பரிமாற்றம் தலைப்புச் செய்தி ஆகிறது. தேதி உள்ளது அது ஒன்றுதான். மாவுப்பூச்சி முக்கியக் கட்டுரை. நார்க்கட்டியும் சந்தாவும் ஓரத்துக் கட்டத்துக்குப் போகலாம். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரை அச்சிடாமல், செலுத்தக் கடைசி நாளை மட்டும் போட்டால் போதும். தண்ணீர்த் தொட்டிதான் சிக்கல். ‘பேசப்பட்டது’ என்றால் என்ன முடிவானது? எழுதியவரிடம் கேட்க வேண்டும். முடிவு இல்லை என்றால், ‘முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் பேசப்படும்’ என்றே போட வேண்டும்.

இனி, புள்ளியைப் பாராவாக்குவது. ‘வேப்பெண்ணெய் 5 மி.லி.’ என்பது கூட்டத்தில் இருந்தவருக்குப் புரியும். மற்றவருக்கு எதில் கலப்பது என்றே தெரியாது. விடுபட்டதைக் கேட்டு நிரப்பினால் இப்படி வரும்: ‘செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி பரவியிருப்பதாகப் பலர் சொன்னார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்காகச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் விளக்கினார். “பூச்சியைப் பார்த்ததும் மருந்து தேடாதீங்க, முதல்ல அந்தக் கிளையை வெட்டிப் போடுங்க” என்றார்.’

அந்தக் கடைசி வாக்கியம்தான் பெரிய எழுத்தில் தனியே எடுத்துப் போட ஏற்றது; பத்திரிகைக்காரர்கள் சொல்லும் புல் கோட். சிக்கல் என்னவென்றால், கூட்டக் குறிப்பில் முடிவுகள் இருக்கும், யாருடைய வாய்ச்சொல்லும் இருக்காது. எனவே குறிப்பெடுப்பவர் கூட்டத்திலேயே இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுதிவைக்க வேண்டும். விட்டுப்போனால் சொன்னவரைத் தொலைபேசியில் கேட்கலாம். நாமே ஒன்றை இட்டுக்கட்டி அவர் பெயரில் போடக் கூடாது. பதினைந்து சொல்லுக்குள் இருப்பது நல்லது. பாராவில் அந்த வாக்கியம் வரும் இடத்தை ஒட்டியே பெரிய எழுத்தும் வந்தால், ஒரே வரியை இருமுறை படித்த அலுப்புதான் மிஞ்சும். சற்று மேலே, பாராக்களுக்கு நடுவில் வைக்கலாம். தலைப்பை ஒட்டி வைத்தால் அதுவும் ஒரு தலைப்புப் போலத் தெரியும்.

பிறகுதான் பத்தி பிரிப்பது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இரு ஓரமும் 15 விட்டு, நடுவில் 8 இடைவெளி வைத்தால், ஒவ்வொரு பத்திக்கும் 86 மில்லிமீட்டர் கிடைக்கும். 11 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்கள் அடங்கும். மூன்று பத்தியாக்கினால் அகலம் ஏறக்குறைய 55 ஆகச் சுருங்கிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ‘விதைப்பரிமாற்றத்துக்கு’ போன்ற ஒரு சொல்லே பாதி வரிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இரு ஓரமும் நேராக இருக்கும்படி அமைத்தால் சொற்களுக்கிடையே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். ஆகவே இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் நேராக. வரி இடைவெளி 16 புள்ளி இருந்தால் மேல் கொம்பும் கீழ்ச் சுழியும் முட்டாது.

வேர்டில் செய்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மடலின் பெயரும் பத்திக்குள் சிக்கிக்கொள்ளும். பெயருக்குக் கீழே Layout, Breaks, Continuous என்று ஒரு பிரிவை இட்டு, அதன் பிறகு வரும் பகுதிக்கு மட்டும் Columns-இல் Two கொடுக்க வேண்டும். கட்டுரையின் கடைசியிலும் அதேபோல் ஒரு Continuous இட்டால் இரு பத்திகளும் சம உயரத்தில் முடியும். புல் கோட்டை Text Box-இல் வைத்து, Wrap Text-இல் Square தேர்ந்தால் எழுத்து அதைச் சுற்றி ஓடும்.

இந்த அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 300 சொல் கொள்ளும். மிஞ்சினால் எழுத்தைச் சிறிதாக்காமல் செய்தியைக் குறைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால்தான் எழுத்துருவும் பத்தியும் கலையாது. ஆனால் கைப்பேசித் திரையில் இரண்டு பத்தி படிப்பவர், முதல் பத்தியின் அடிவரை போய்விட்டு மறுபடி மேலே வர வேண்டும். பெரும்பாலோர் கைப்பேசியிலேயே படிக்கும் குழு என்றால், அதே செய்தியை ஒரே பத்தியாக இன்னொரு வடிவத்தில் அனுப்பிவிட்டு, இரண்டு பத்தி மடலை அறிவிப்புப் பலகைக்கு அச்சிடலாம்.