ஏடுகள் நூலான கதை

நபி முஹம்மது அவர்களுக்குக் குர்ஆன் ஒரே நாளில் அருளப்படவில்லை. கி.பி. 610 முதல் 632 வரை மக்காவிலும் மதீனாவிலும் சிறிது சிறிதாக இறங்கியது. அருளப்பட்ட வரிசையும் நூலின் வரிசையும் வேறு. முதலில் இறங்கியவை எனப்படும் வசனங்கள் இன்று 96ஆம் அத்தியாயத்தில் உள்ளன.

நபியின் காலத்தில் வசனங்கள் மனப்பாடமாகவும், பேரீச்ச மட்டை, தட்டைக் கல், தோல், ஒட்டகத் தோள்பட்டை எலும்பு ஆகியவற்றில் எழுத்தாகவும் இருந்தன. அவர் மறைந்த பின் யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் மாண்டார்கள். நபித்தோழர் உமர் கவலைப்பட்டார். கலீஃபா அபூபக்ர், நபியின் எழுத்தர் ஜைத் இப்னு ஸாபித்திடம் தொகுக்கச் சொன்னார். மலையைப் பெயர்ப்பது இதைவிட எளிது என்று தயங்கிய இளைஞர் அவர். தம் நினைவை மட்டும் நம்பாமல் எழுத்துச் சான்றையும் தேடினார். தவ்பா அத்தியாயத்தின் இறுதி வசனங்கள் ஒரே ஒரு தோழரிடம்தான் எழுத்தில் கிடைத்தன என்கிறது ஹதீஸ்.

ஜைத் தொகுத்த ஏடுகள் அபூபக்ர், உமர் வழியாக உமரின் மகள் ஹஃப்ஸாவிடம் வந்தன. பின்னர் ஓதும் முறையில் படைவீரர்களிடையே தகராறு எழவே, 650ஐ ஒட்டி கலீஃபா உஸ்மான் அவற்றை இரவல் வாங்கினார். ஜைத் தலைமையில் நால்வர் படியெடுத்தனர். படிகள் பல நகரங்களுக்குப் போயின. மாறுபட்ட பிற எழுத்துகளை எரிக்க உத்தரவிட்ட உஸ்மான், ஹஃப்ஸாவின் ஏடுகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.